பி மதிப்பு 0.93: ஒரு ரிக்ரெஷன் ஸ்கிரீன்ஷாட்டை வாசித்தல்

புள்ளியியலில் புதிதாக இறங்கியவர்கள், ஒரு மாறியை மற்ற மாறிகளைக் கொண்டு விளக்கும் ரிக்ரெஷன் முடிவின் ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டி விளக்கம் கேட்கும்போது, அவர்களிடம் பெரும்பாலும் ஒரு விளக்கம் ஏற்கெனவே தயாராக இருக்கும். இங்கே எடுத்துக்கொண்ட நிகழ்விலும் அப்படித்தான். ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டியவர் அதிலிருந்து மூன்று முடிவுகளுக்கு வந்திருந்தார். காரின் இயந்திரக் கொள்ளளவுக்கும் மைலேஜுக்கும் தொடர்பே இல்லை என்பது முதலாவது. எடையின் பாதிப்பு குதிரைத்திறனின் பாதிப்பைவிட நூறு மடங்குக்கும் மேல் என்பது அடுத்தது. மாதிரி, அதாவது இந்த மாறிகளைக் கொண்டு மைலேஜைக் கணிக்கும் சமன்பாடு, 83 சதவீதம் சரியாகக் கணிக்கிறது என்பது கடைசி. மூன்றுமே தவறு. ஆனால் மூன்றும் அட்டவணையில் உள்ள எண்களை நேராகப் படித்ததால் வந்தவை என்பதால், எங்கே பிசகுகிறது என்று நிதானமாகப் பார்ப்பது பயன் தரும்.

தரவு ஆர் மென்பொருளுடன் வரும் `mtcars` தொகுப்பு. 1974ஆம் ஆண்டின் மோட்டார் டிரெண்ட் என்ற அமெரிக்க இதழிலிருந்து எடுக்கப்பட்ட 32 கார்களின் விவரங்கள் இதில் உள்ளன. `mpg` என்பது ஒரு அமெரிக்க கேலனுக்கு எத்தனை மைல் ஓடும் என்பது. `wt` என்பது எடை, ஆயிரம் பவுண்டை ஓர் அலகாகக் கொண்டது. `hp` குதிரைத்திறன், `disp` கன அங்குலத்தில் இயந்திரக் கொள்ளளவு. ஸ்கிரீன்ஷாட்டில் இருந்தது இது:

```
lm(formula = mpg ~ wt + hp + disp, data = mtcars)

             Estimate Std. Error t value Pr(>|t|)
(Intercept) 37.105505   2.110815  17.579  < 2e-16 ***
wt          -3.800891   1.066191  -3.565  0.00133 **
hp          -0.031157   0.011436  -2.724  0.01097 *
disp        -0.000937   0.010350  -0.091  0.92851

Residual standard error: 2.639 on 28 degrees of freedom
Multiple R-squared: 0.8268, Adjusted R-squared: 0.8083
F-statistic: 44.57 on 3 and 28 DF, p-value: 8.65e-11
```

முதல் வரியைப் பலரும் ஸ்கிரீன்ஷாட்டிலிருந்து வெட்டிவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் கீழே உள்ள எந்த எண்ணுக்கும் உறுதியாகப் பொருள் சொல்ல முடியாது. எந்த மாறியை விளக்க முயல்கிறோம், எந்த மாறிகளைக் கொண்டு விளக்குகிறோம், மடக்கையோ வர்க்கமோ ஏதேனும் எடுக்கப்பட்டதா என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். அடுத்ததாக, கண் கீழே இறங்கி, `degrees of freedom` என்பதன் முன் உள்ள 28 என்ற வரையற்ற பாகைகளைப் பார்க்க வேண்டும். கார்களின் எண்ணிக்கையிலிருந்து, மதிப்பிட்ட எண்களின் எண்ணிக்கையைக் கழித்தால் மிஞ்சுவது அது. மாறிகளுக்கு எதிரே உள்ள மூன்று கெழுக்களையும் `(Intercept)` என்ற ஒரு வெட்டுத்துண்டையும் மதிப்பிட்டிருக்கிறோம். 28உடன் நான்கைக் கூட்டினால் 32 வருகிறது. எனவே எந்தக் காரும் கணக்கிலிருந்து விழவில்லை. மதிப்புகள் விடுபட்ட தரவில் மென்பொருள் அந்த வரிசைகளைத் தானாகவே நீக்கிவிடும் என்பதால், இந்தக் கூட்டலைச் செய்துபார்ப்பது வழக்கமாகிவிட வேண்டும்.

இனி `Estimate` நிரல். எடைக்கு எதிரே உள்ள -3.80 சொல்வது இதுதான்: குதிரைத்திறனும் கொள்ளளவும் சமமாக உள்ள இரண்டு கார்களை எடுத்துக்கொண்டால், ஆயிரம் பவுண்டு கூடுதல் எடையுள்ள கார் சராசரியாக ஒரு கேலனுக்கு 3.8 மைல் குறைவாக ஓடும் என்று இந்த மாதிரி மதிப்பிடுகிறது. இந்த வாக்கியத்தின் முற்பகுதியை விட்டுவிட்டு, எடை கூடினால் மைலேஜ் 3.8 குறையும் என்று சுருக்கினால் பொருள் மாறிவிடும். அந்த முற்பகுதியில்தான் இந்த நிகழ்வின் முழுச் சிக்கலும் ஒளிந்திருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

வெட்டுத்துண்டான 37.1ஐப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எடை, குதிரைத்திறன், கொள்ளளவு மூன்றும் சுழியாக உள்ள காரின் மைலேஜ் அது. அப்படி ஒரு கார் இல்லை. தரவில் மிக இலேசான கார்கூட 1513 பவுண்டு எடையுள்ளது. அதன் பக்கத்தில், பி மதிப்பு மிகச் சிறியது என்று காட்டும் மூன்று நட்சத்திரங்கள் இருப்பதால் அதற்குத் தனிச் சிறப்பு எதுவும் வந்துவிடாது.

எடையின் கெழு 3.8, குதிரைத்திறனின் கெழு 0.031 என்பதால் எடை நூறு மடங்குக்கும் மேல் வலிமையானது என்ற முடிவு அலகுகளை மறந்ததால் வந்தது. எடையை ஆயிரம் பவுண்டில் அல்லாமல் பவுண்டில் கொடுத்திருந்தால் கெழு -0.0038 ஆகியிருக்கும், குதிரைத்திறனின் கெழுவைவிடச் சிறியதாகத் தோன்றியிருக்கும். கார்களிலோ அவற்றின் மைலேஜிலோ எதுவும் மாறியிருக்காது. தரவில் குதிரைத்திறன் 52 முதல் 335 வரை பரவியிருக்கிறது. ஆகவே ஒரு குதிரைத்திறன் வித்தியாசத்தைப் பற்றிப் பேசுவதைவிட நூறு குதிரைத்திறன் வித்தியாசத்தைப் பற்றிப் பேசுவது இயல்பு. அந்த அளவில் கெழு 3.1 மைல் குறைவைக் காட்டுகிறது. ஆயிரம் பவுண்டு எடை காட்டும் 3.8க்கு அது வெகு தூரத்தில் இல்லை. கெழுவைப் படிக்கும்போது, தரவில் உண்மையிலேயே காணக்கூடிய ஒரு வித்தியாசத்தால் அதைப் பெருக்கிப் பார்ப்பது நல்ல பழக்கம்.

அலகை மாற்றினாலும் மாறாதது `t value` நிரல். கெழுவை அதன் திட்டப்பிழையால் வகுத்தால் அது கிடைக்கும்: -3.800891ஐ 1.066191ஆல் வகுத்தால் -3.565. திட்டப்பிழை என்பது, இதே வகையான வேறு கார்களின் தரவுகள் கிடைத்திருந்தால் கெழுவின் மதிப்பீடு ஏறத்தாழ எவ்வளவு ஆடியிருக்கும் என்பதற்கான கணிப்பு. எனவே டி மதிப்பு, கெழு தன் ஆட்டத்தின் அளவைப் போல எத்தனை மடங்கு சுழியிலிருந்து விலகி நிற்கிறது என்பதைச் சொல்கிறது. எடை மூன்றரை மடங்கு விலகி நிற்கிறது. கொள்ளளவு பத்தில் ஒரு பங்குகூட விலகவில்லை.

அந்த விலகலை நிகழ்தகவாக மாற்றியதே பி மதிப்பு எனப்படும் கடைசி நிரல். கொள்ளளவுக்கு 0.92851 என்றிருப்பதற்குப் பொருள்: எடையும் குதிரைத்திறனும் மாதிரியில் இருக்கும் நிலையில் கொள்ளளவின் உண்மையான கெழு சுழியே என்று வைத்துக்கொண்டால், தற்செயலாகவே டி மதிப்பு 0.091 அளவுக்கோ அதற்கு மேலோ ஏதேனும் ஒரு பக்கம் விலகும் வாய்ப்பு 93 சதவீதம். கெழு சுழியாக இருப்பதற்கான வாய்ப்பு 93 சதவீதம் என்று இதைப் படிப்பது மிகப் பரவலான பிழை. சுழி என்ற இன்மைக் கருதுகோளை முதலில் ஏற்றுக்கொண்டு, அதன்மேல்தான் இந்த எண் கணக்கிடப்படுகிறது. ஆகவே அந்தக் கருதுகோள் எவ்வளவு உண்மை என்பதை அதே எண்ணால் அளக்க முடியாது.

சரி, அப்படியே படித்தாலும், 0.93 என்பது கொள்ளளவுக்கு ஆதரவாக எதுவும் இல்லை என்றுதானே காட்டுகிறது? கொள்ளளவுக்கும் மைலேஜுக்கும் தொடர்பில்லை என்று சொல்லிவிடலாம் அல்லவா? இதற்குப் பதில் காண, அதே தரவில் மாறிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தாலே போதும். கொள்ளளவை மட்டும் வைத்து மைலேஜை விளக்கினால் அதன் கெழு -0.0412, பி மதிப்பு 9.38e-10. இந்த எழுத்துமுறையில் `e-10` என்பது பத்தின் அடுக்கு கழித்தல் பத்து. அதாவது பத்துக் கோடியில் ஒன்றைவிடவும் மிகக் குறைவான நிகழ்தகவு. மைலேஜின் மாறுபாட்டில் எவ்வளவு பங்கு விளக்கப்பட்டது என்று சொல்லும் ஆர் வர்க்கம், அந்த ஒரே மாறிக்கு 0.718. எடையை உடன் சேர்த்ததும் கொள்ளளவின் கெழு -0.0177 ஆகிறது, பி மதிப்பு 0.064க்கு ஏறுகிறது. குதிரைத்திறனையும் சேர்த்தபின் நாம் கண்ட -0.0009, 0.93. கார்கள் அதே 32தான்.

தொடர்பே இல்லாத மாறி தனியாக நிற்கும்போது மைலேஜின் மாறுபாட்டில் 72 சதவீதத்தை விளக்காது. நடந்தது வேறு. பெரிய இயந்திரம் உள்ள கார்கள் எடை மிகுந்தவை. குதிரைத்திறனும் அவற்றில் அதிகம். கொள்ளளவுக்கும் எடைக்கும் இடையிலான உடன்தொடர்பு 0.89, கொள்ளளவுக்கும் குதிரைத்திறனுக்கும் 0.79. எனவே கொள்ளளவு மைலேஜைப் பற்றிச் சொல்லக்கூடிய ஏறத்தாழ எல்லாவற்றையும் மற்ற இரண்டும் சேர்ந்து முன்னரே சொல்லிவிடுகின்றன. இருவர் சேர்ந்து தூக்கிய மூட்டையில் மூன்றாமவர் கைவைத்தால், அவர் பங்கு எவ்வளவு என்று வெளியிலிருந்து பிரித்துச் சொல்வது கடினம். அவருக்கு வலு இல்லை என்று அதிலிருந்து முடிவுகட்டவும் முடியாது. அட்டவணையில் உள்ள ஒவ்வொரு பி மதிப்பும், மற்ற மாறிகள் இருக்கும்போது இந்த மாறி கூடுதலாக என்ன தருகிறது என்ற கேள்விக்கான பதில். தனியாக இதற்கு என்ன தொடர்பு என்ற கேள்வியை அந்த நிரல் கேட்பதே இல்லை.

குதிரைத்திறனுக்கும் இதே கதி நேரலாம். எடையை நீக்கிவிட்டு, கொள்ளளவையும் குதிரைத்திறனையும் மட்டும் வைத்தால் குதிரைத்திறனின் பி மதிப்பு 0.074. வழக்கமான 0.05 எல்லையைப் பின்பற்றினால் அது முக்கியத்துவம் இழந்துவிடும், கொள்ளளவோ 0.0003 என்ற மதிப்புடன் கம்பீரமாக நிற்கும். எடை உள்ளே வந்ததும் இருவர் நிலையும் தலைகீழாகிறது. எந்த மாறி முக்கியம் என்ற கேள்விக்கு நட்சத்திரங்களை எண்ணிப் பதில் சொல்பவர், உண்மையில் யாருடன் யாரை உட்காரவைத்தார்கள் என்பதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கொள்ளளவைச் சேர்த்ததால் எடைக்கு என்ன ஆயிற்று என்பதையும் கவனிக்க வேண்டும். எடையும் குதிரைத்திறனும் மட்டும் உள்ள மாதிரியில் எடையின் கெழு -3.88, அதன் திட்டப்பிழை 0.633, பி மதிப்பு 1.12e-06, மூன்று நட்சத்திரங்கள். கொள்ளளவு நுழைந்தபின் கெழு -3.80 என்று ஏறக்குறைய அப்படியே இருக்கிறது; ஆனால் திட்டப்பிழை 1.066க்கு வீங்கிவிட்டது, ஒரு நட்சத்திரமும் போய்விட்டது. மாறிகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் இந்த நிலைக்குப் பல்கோட்டுத்தன்மை என்று பெயர். இரண்டு மாதிரிகளின் அட்டவணைகளை ஒப்பிட்டால் அதற்குக் கிடைக்கும் அடையாளம் இதுதான்: ஒரு மாறியைச் சேர்த்ததும் மற்றொன்றின் கெழு அதிகம் நகராவிட்டாலும் திட்டப்பிழை பெருத்துவிடும். அளந்தே பார்க்க வேண்டுமானால் மாறுபாட்டு வீக்கக் காரணி உண்டு. இந்த மாதிரியில் அது கொள்ளளவுக்கு 7.3, எடைக்கு 4.8, குதிரைத்திறனுக்கு 2.7. மற்ற மாறிகளோடு பின்னிக் கிடப்பதால் கொள்ளளவுக் கெழுவின் மாறுபாடு ஏழு மடங்கு பெருகியிருக்கிறது என்று முதல் எண் சொல்கிறது. 5 அல்லது 10ஐ எல்லையாகக் கொள்வோர் உண்டு; அந்த எல்லைகள் வழக்கத்தால் வந்தவை, எந்தத் தேற்றத்தாலும் அல்ல.

பி மதிப்பைவிட, தரவோடு ஒத்துப்போகும் கெழு மதிப்புகளின் வீச்சைக் காட்டும் நம்பிக்கை இடைவெளி இங்கே அதிக உண்மையைச் சொல்கிறது என்பது என் கருத்து. அட்டவணையில் அது அச்சாகாது. ஆனால் `confint` என்ற ஒரு கட்டளையில் கிடைத்துவிடும். கையால் போட்டாலும் எளிது: 28 வரையற்ற பாகைகளுக்கு 95 சதவீத இடைவெளிக்கான டி மதிப்பு 2.048. அதைத் திட்டப்பிழையால் பெருக்கி, கெழுவிலிருந்து இரு பக்கமும் நகர வேண்டும். கொள்ளளவுக்கு -0.022 முதல் +0.020 வரை வருகிறது. நூறு கன அங்குல வித்தியாசத்துக்கு இதை மாற்றினால், மைலேஜ் 2.2 மைல் குறையலாம், 2 மைல் கூடவும் செய்யலாம் என்றாகிறது. தரவில் கொள்ளளவு 71 முதல் 472 வரை செல்வதால் நூறு கன அங்குலம் என்பது பெரிய தாவல் அல்ல. ஆக, எடையும் குதிரைத்திறனும் சமமாக இருக்கையில் கொள்ளளவின் பாதிப்பு என்ன என்பதை இந்த 32 கார்களைக் கொண்டு சொல்ல முடியவில்லை என்பதே சரியான முடிவு. பாதிப்பு இல்லை என்பதும், பாதிப்பைச் சொல்ல முடியவில்லை என்பதும் ஒன்றல்ல. சொல்ல முடியாததற்குக் காரணமும் தெரிகிறது: எடையும் திறனும் ஒத்திருந்து கொள்ளளவு மட்டும் பெரிதும் வேறுபடும் கார்கள் இந்தத் தொகுப்பில் போதுமான அளவு இல்லை.

இனிப் பொருத்தம். கீழே உள்ள 0.8268 என்பதை 83 சதவீதம் சரியான கணிப்பு என்று படிக்கக் கூடாது. கார்களின் மைலேஜ் தங்கள் சராசரியான 20.1ஐச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கிறதோ, அந்தச் சிதறலின் வர்க்கக் கூடுதலில் 83 சதவீதத்தை மாதிரி எடுத்துக்கொண்டது; மீதி 17 சதவீதம் எச்சங்களில், அதாவது உண்மையான மைலேஜிலிருந்து கணிப்பைக் கழித்தால் வரும் வித்தியாசங்களில், தங்கியிருக்கிறது. கணிப்பு எவ்வளவு பிசகும் என்று அறிய விரும்புபவர் அதற்கு மேல் வரியில் உள்ள 2.639ஐப் பார்க்க வேண்டும். அது எச்சத் திட்டப்பிழை. அதன் அலகு மைலேஜின் அலகேதான். ஒரு காருக்கான கணிப்பு வழக்கமாக ஏறத்தாழ 2.6 மைல் அளவில் தவறும் என்று அதை எடுத்துக்கொள்ளலாம். உதாரணத்துக்கு, தரவின் முதல் வரிசையில் உள்ள மாஸ்டா ஆர்எக்ஸ்4 காரின் எடை 2.62, குதிரைத்திறன் 110, கொள்ளளவு 160. கெழுக்களால் பெருக்கி 37.11இலிருந்து கழித்தால் 23.57 வருகிறது. உண்மையான மைலேஜ் 21.0. எச்சம் -2.57, சராசரியான பிசகு என்று சொல்லலாம்.

கொள்ளளவைச் சேர்ப்பதற்கு முன்பும் பின்பும் ஆர் வர்க்கம் நான்கு தசமத்தில் 0.8268தான். ஒரு மாறியைச் சேர்த்தால் இந்த எண் ஒருபோதும் குறையாது. ஆகவே அது குறையவில்லை என்பது சேர்த்ததற்கு நியாயம் ஆகாது. மாறிகளின் எண்ணிக்கைக்கு ஏற்பச் சரிசெய்யப்பட்ட ஆர் வர்க்கம் 0.8148இலிருந்து 0.8083க்கு இறங்குகிறது, எச்சத் திட்டப்பிழை 2.593இலிருந்து 2.639க்கு ஏறுகிறது. கணிப்புக்கு மட்டும் மாதிரி தேவை என்றால் கொள்ளளவை விட்டுவிடலாம் என்பதற்கு இவ்வளவு போதும். எஃப் மதிப்பின் பக்கத்தில் உள்ள 8.65e-11ஐ எண்ணி மகிழ வேண்டியதில்லை. மூன்று கெழுக்களும் ஒருசேரச் சுழியா என்பதே அந்தச் சோதனையின் கேள்வி. எடையின் பங்கு இவ்வளவு வெளிப்படையாக உள்ள இடத்தில் அதற்கு வேறு பதில் வர வாய்ப்பில்லை.

இந்த எண்கள் எதுவும் காட்டாத ஒரு குறை மாதிரியில் இருக்கிறது. மிகப் பெரிய நேர் எச்சங்கள் மூன்று கார்களுக்கு வருகின்றன: டொயோட்டா கொரோலாவுக்கு 5.86, ஃபியட் 128க்கு 5.79, கிரைஸ்லர் இம்பீரியலுக்கு 5.49. முதல் இரண்டும் இலேசான சிறிய கார்கள். மூன்றாவது 5345 பவுண்டு எடையுள்ள, இந்தத் தொகுப்பின் மிகக் கனமான கார்களில் ஒன்று. இரண்டு ஓரங்களிலும் உண்மையான மைலேஜ் கணிப்புக்கு மேலே நிற்கிறது. நடுவில் உள்ள ஏஎம்சி ஜாவலின் போன்ற கார்களோ, அதற்கு வரும் -3.89ஐப் போல, கணிப்புக்குக் கீழே விழுகின்றன. நேர்கோடு பொருந்தாத இடத்தில் நேர்கோட்டைப் போட்டால் எச்சங்கள் இப்படித்தான் அமையும். உறவு வளைந்திருக்கிறது, 0.83 என்ற ஆர் வர்க்கம் அதை மறைத்துவிடுகிறது. எச்சங்களைக் கணித்த மதிப்புகளுக்கு எதிராக வரைந்த ஒரு படம் ஸ்கிரீன்ஷாட்டுடன் சேர்ந்து வந்திருந்தால், மேலே உள்ள எந்த நட்சத்திரத்துக்கும் முன்னால் அதையே பார்த்திருப்பேன். மாதிரியின் வடிவமே பிசகியிருந்தால் திட்டப்பிழைகளையும் பி மதிப்புகளையும் அச்சிட்டபடியே நம்ப முடியாது.

கொள்ளளவை எடுத்துவிட்டு, எடையும் குதிரைத்திறனும் ஒன்றின் பாதிப்பை மற்றொன்று மாற்ற அனுமதிக்கும் பெருக்கல் உறுப்பைச் சேர்த்தால், அதாவது `mpg ~ wt * hp` என்று எழுதினால், எச்சத் திட்டப்பிழை 2.153க்கு இறங்குகிறது, கிரைஸ்லர் இம்பீரியலின் எச்சம் 5.5இலிருந்து 2.2 ஆகிறது. பெருக்கல் உறுப்பின் கெழு 0.02785, பி மதிப்பு 0.0008. இங்கே கற்பவர் மறுபடியும் இடறக்கூடும். புதிய அட்டவணையில் எடையின் கெழு -8.22 என்றிருக்கும், எடையின் பாதிப்பு இரட்டிப்பாகிவிட்டது போலத் தோன்றும். ஆனால் பெருக்கல் உறுப்பு உள்ள மாதிரியில் அந்த எண் குதிரைத்திறன் சுழியாக உள்ள காருக்கானது. முன்பு கண்ட வெட்டுத்துண்டைப் போலவே தனியாகப் படிக்க இயலாதது. குதிரைத்திறன் 100 உள்ள காருக்கு எடையின் சரிவு -8.217உடன் 2.785ஐக் கூட்டி -5.43; 200 உள்ள காருக்கு -2.65. எடையின் பாதிப்பு எவ்வளவு என்று கேட்பவரிடம், எந்தத் திறனுள்ள காருக்கு என்று திருப்பிக் கேட்காமல் இந்த மாதிரியிலிருந்து ஒரே எண்ணைச் சொல்ல முடியாது.